அழுகின பழத்துக்கு யார் காசு கொடுப்பது?

கேள்வி: “என் அம்மா தர்மபுரியில் சாலையோரம் மாம்பழம் விற்கிறார். பங்கனபள்ளி கிலோ 90 ரூபாய் என்றால், ‘மண்டியில் 50தானே போகுது, இவ்வளவு லாபமா?’ என்று கேட்கிறார்கள். அம்மாவுக்குப் பதில் சொல்ல வராது. ‘கட்டுப்படியாகாதுங்க’ என்பார், கடைசியில் 75க்குக் கொடுத்துவிடுவார். சீசன் முடிந்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. வாங்குகிறவர்களுக்கு விலையை எப்படிப் புரியவைப்பது?”
– ஒரு வாசகி, தர்மபுரி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதவும் விலை வைக்கவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ‘கட்டுப்படியாகாது’ என்ற சொல்லை நான் கேட்காத கடை கிடையாது. அது பொய் இல்லை. ஆனால் கேட்பவர் காதில் அது ‘தர மாட்டேன்’ என்றுதான் விழுகிறது. ஏன் கட்டுப்படியாகாது என்று பல சமயம் சொல்கிறவருக்கே தெரியாது. உங்களுக்கு நேராக யோசனை சொல்வதைவிட, சேலத்துப் பக்கம் மாம்பழம் விற்ற ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அதில் வரும் கணக்கை நானும் கூட உட்கார்ந்து எழுதினேன்.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் அவர் கடை. கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ஒரு தார்ப்பாய், ஒரு தராசு, அவ்வளவுதான். மே, ஜூன் மாதங்களில் இமாம்பசந்த் மட்டும் விற்பார். மண்டிக்குப் போய் முற்றின காயாகப் பார்த்து மூன்று கிரேட் எடுத்து வருவார். வீட்டுப் பின்னறையில் வைக்கோல் பரப்பி, காயை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் அடுக்கி, மேலே மறுபடி வைக்கோல் மூடுவார். ஐந்தாறு நாளில் பழுக்கும். தினமும் காலையில் வைக்கோலை விலக்கி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார். காம்புப் பக்கம் கறுத்து மெத்தென்று ஆனதை எடுத்து வெளியே போடுவார். கரும்பொட்டு விழுந்ததைத் தனியாக வைப்பார். நன்றாக வந்ததை மட்டும் வண்டிக்குக் கொண்டுபோவார். வண்டியில் இருக்கும்போது கெடுவதும் உண்டு. அதற்கென்று வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் கூடை. சாயங்காலம் அந்தக் கூடை மாட்டுக்குப் போகும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் தன் மகளோடு வந்தார். பாப்பாவுக்கு ஏழு வயது இருக்கும்.

“கிலோ என்னம்மா?”

“நூத்தி முப்பதுங்க.”

“மண்டியில எழுபதுக்குக் குடுக்கறான். நீங்க ரெட்டிப்பு சொல்றீங்களே?”

“கட்டுப்படியாகாதுங்க.”

இந்தப் பேச்சு தினமும் நடப்பதுதான். அவர் 100க்குக் கேட்டார், இவர் 120க்கு இறங்கினார். அதற்குள் பாப்பா வண்டிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாட்டி, இந்தப் பழத்தை யாரு வாங்குவா?”

“யாரும் வாங்க மாட்டாங்க கண்ணு. மாட்டுக்குப் போடுவேன்.”

“நீ இதையும் காசு குடுத்துதானே வாங்கின?”

“ஆமா.”

“அப்ப இதுக்கு யாரு காசு குடுப்பா?”

அந்த அம்மா தராசுத் தட்டில் பழத்தை வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாராம். முப்பது வருஷ வியாபாரத்தில் அவரை யாரும் இதைக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, “நல்ல பழம் வாங்கறவங்கதான் கண்ணு, அதுக்கும் சேத்துக் குடுக்கணும்” என்றார்.

அப்பா விடவில்லை. “அதெப்படி? உங்க பழம் அழுகினா நான் ஏன் காசு குடுக்கணும்?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. 110க்கு இரண்டு கிலோ போட்டுக் கொடுத்தார்.

இதை அவர் என்னிடம் சொன்னது அடுத்த வாரம், நான் அந்தப் பக்கம் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கப் போயிருந்தபோது. “அந்தப் பாப்பா கேட்டதுக்கு நான் சொன்னது சரியாம்மா? அவங்கப்பா கேட்டதும் நியாயமாத்தானே இருக்குது?” என்றார். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் தெரியவேண்டுமானால் முதலில் கூடையை எடைபோட வேண்டும் என்றேன். அவர் அதுவரை கூடையை எடைபோட்டதே இல்லை. அடுத்த சரக்கை ஆரம்பத்திலிருந்து நோட்டில் எழுதினோம்.

மூன்று கிரேட், ஒவ்வொன்றும் 20 கிலோ, ஆக 60 கிலோ காய். கிலோ 70 என்று 4,200 ரூபாய். ஏற்றுகூலி, லோடு ஆட்டோவுக்கு 240. வைக்கோல், காகிதம், பை 120. ஆக மொத்தம் 4,560 ரூபாய் கையை விட்டுப் போனது.

ஆறாம் நாள் வைக்கோலைப் பிரித்து எல்லாவற்றையும் எடைபோட்டோம். கெட்டது, நல்லது எல்லாம் சேர்த்து 55 கிலோதான் இருந்தது. 5 கிலோவைக் காணோம். அந்த அம்மா முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டார். பறித்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும், அதன் தண்ணீர் தோல் வழியாக ஆவியாகிப் போகும். பழுக்கும் நாட்கள் கூடக் கூட, வெயில் ஏற ஏற, எடை குறையும். இந்த இழப்பை எந்தக் கூடையிலும் பார்க்க முடியாது. அதனால்தான் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மிச்சம் 55 கிலோ. பின்னறையில் அழுகியதும், மூன்று நாள் வண்டியில் இருந்தபோது வருகிறவர்கள் அமுக்கிப் பார்த்துக் கெட்டதுமாக 7 கிலோ கூடைக்குப் போனது. பொட்டு விழுந்தது 6 கிலோ. அதை ஜூஸுக்கு வாங்குகிறவர்களுக்குக் கிலோ 60 என்று கொடுத்ததில் 360 ரூபாய் வந்தது. நல்ல பழமாக விற்றது 42 கிலோ.

இப்போது பாருங்கள். போட்டது 4,560. பொட்டுப் பழத்தில் திரும்பியது 360. மீதி 4,200 ரூபாயை அந்த 42 கிலோதான் சுமக்க வேண்டும். ஆக நல்ல பழத்தின் அடக்க விலை கிலோ 100 ரூபாய். எழுபது அல்ல, நூறு. அதில் அவர் உழைப்புக்கு ஒரு பைசா கூட இல்லை.

130க்கு விற்றால் கிலோவுக்கு 30, ஆக 1,260 ரூபாய். ஆறு நாள் பழுக்கவைத்து மூன்று நாள் நின்று விற்றதற்கு அது கூலி. 110க்கு இறங்கினால் 420 ரூபாய். விற்பனை நாட்களை மட்டும் எடுத்தால்கூட ஒரு நாளைக்கு 140. நூறுக்குக் கொடுத்தால் பூஜ்யம்.

அந்த அம்மா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் நூறுக்குக் குடுத்தாலும் முப்பது ரூபா நிக்குதுன்னுல்ல இத்தனை நாளு நினைச்சிட்டிருந்தேன்” என்றார். எனக்கு அன்று மனசு கனத்துப் போனது. வாங்குகிறவர் 70 என்று சொன்னபோது, இவரும் மனசுக்குள் அதே 70-ஐத்தான் வைத்திருந்தார். அதனால்தான் வாதாட முடியவில்லை, அதனால்தான் சீக்கிரம் இறங்கினார். தங்கை, உங்கள் அம்மாவும் 75க்கு இறங்குவது இதனாலாக இருக்கலாம். தனக்கே தெரியாத விலையை அடுத்தவருக்குப் புரியவைக்க முடியாது.

சரி, கணக்கு தெரிந்துவிட்டது. அடுத்து என்ன ஆனது தெரியுமா? அவர் அந்தக் கணக்கு முழுவதையும் வருகிறவர்களிடம் ஒப்பிக்க ஆரம்பித்தார். காய் இவ்வளவு, ஆட்டோ இவ்வளவு, வைக்கோல் இவ்வளவு, ஆவியானது இவ்வளவு. ஒருவர் பாதியிலேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். இன்னொருவர் “வைக்கோலுக்கெல்லாமா காசு வாங்குவீங்க?” என்று கேட்டார். வாங்க வந்தவருக்கு நம் செலவுப் பட்டியல் தேவையில்லை. அந்தப் பணத்துக்குத் தனக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். பாப்பாவின் அப்பா கேட்டதும் அதுதான்: உன் அழுகலுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?

இதை நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம். அப்புறம் அந்த அம்மாவே கண்டுபிடித்தார். மண்டியில் 70க்கு விற்பது காய். அதுவும் கிரேட் கணக்கில்தான் எடுக்க வேண்டும். அந்த அப்பா அங்கே போய் வாங்கினால், பழுக்கவைப்பதும் தினம் திருப்பிப் பார்ப்பதும் அவர் வீட்டு வேலை. காணாமல் போகும் எடையும் அவருடையது, அழுகுவதும் அவர் வீட்டில். அதாவது 70 ரூபாய்ச் சரக்கும் 130 ரூபாய்ச் சரக்கும் ஒரே பொருள் இல்லை. ஒன்று காய். மற்றது இன்று ராத்திரி சோற்றுக்கு வெட்டலாம் என்று ஒருவர் கையால் பொறுக்கி வைத்த பழம்.

இரண்டு வாரம் கழித்து அந்த அப்பாவும் பாப்பாவும் மறுபடி வந்தார்கள். பாப்பா நேராகக் கூடைக்குத்தான் போனாள். அந்த அம்மா அவளைப் பார்த்தே சொன்னார்.

“அன்னிக்குக் கேட்டயே கண்ணு, இப்ப சொல்றேன். மண்டியில காயா வாங்கினா இந்த அழுகல் உங்க வீட்டுல இருக்கும். எங்கிட்ட வாங்கினா எங்கூடையிலயே இருக்கும். அதுக்குத்தான் அந்தக் காசு.”

அப்பா கூடையைக் குனிந்து பார்த்தார். பாப்பா இன்னொரு கேள்வி வைத்திருந்தாள். “எங்க வீட்டுல வெட்டும்போது உள்ள கெட்டிருந்தா?”

இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அழுகலை நான் சுமக்கிறேன் என்று சொல்லிக் காசு வாங்கினால், வெளியே தெரியாத அழுகலையும் நாம்தான் சுமக்க வேண்டும். மாம்பழத்தில் அப்படி நிறைய உண்டு. கொட்டை வண்டு உள்ளே இருந்தால் பல சமயம் தோலில் ஒன்றும் தெரியாது. அல்போன்சாவில் உள்சதை பஞ்சு மாதிரி ஆகியிருக்கும், வெட்டினால்தான் தெரியும். அந்த அம்மா தயங்கவில்லை. “வெட்டினதைக் கொண்டா சாமி, வேற பழம் தரேன்” என்றார். அன்று அவர்கள் 130க்கு இரண்டு கிலோ வாங்கினார்கள். அந்தச் சீசன் முழுக்க அப்படித் திரும்பி வந்தது ஏழெட்டுப் பழம்தான் என்று பிறகு சொன்னார். நோட்டில் அதற்கும் ஒரு வரி போட்டுக்கொண்டார்.

இனி உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நோட்டு. ஒவ்வொரு சரக்குக்கும் நான்கு எடை எழுதினால் போதும்: வாங்கிய காய், பழுத்தபின் மொத்தம், எறிந்தது, பொட்டுப் பழமாகக் குறைத்து விற்றது. அதோடு மொத்தச் செலவும், பொட்டுப் பழத்தில் வந்த காசும். மொத்தச் செலவில் பொட்டுப் பழக் காசைக் கழித்து, நல்ல பழக் கிலோவால் வகுத்தால் அடக்கம் வந்துவிடும். ஒரு சரக்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம், மூன்று சரக்காவது எழுதுங்கள். மழை பெய்த வாரத்துச் சரக்கில் கரும்பொட்டு நோய் அதிகம் வரும், அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பயந்துவிடுவீர்கள். இமாம்பசந்தைவிட பங்கனபள்ளி நாள் தாங்கும். அதனால் உங்கள் கூடை இன்னும் லேசாக இருக்கலாம். அந்த அம்மாவின் 100 உங்களுக்கு ஆகாது, உங்கள் எண்ணை நீங்களே பார்க்க வேண்டும். 50 ரூபாய்க் காய் உங்கள் கையில் 65-இல் நிற்கிறதா 72-இல் நிற்கிறதா என்று தெரிந்தால்தான், 75க்கு இறங்குவது கொஞ்சம் லாபம் குறைவதா, மொத்தமும் போவதா என்பது தெரியும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இந்த அடக்கம் மொத்தச் சரக்குக்குச் சராசரி. ஒவ்வொரு பழத்துக்கும் அதற்குக் கீழே இறங்கவே கூடாது என்று அர்த்தம் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், நாளைக்குத் தாங்காது என்று தெரிந்த பழத்தை 60க்குக் கேட்டாலும் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் அது கூடைக்குத்தான் போகும். முதல் நாள் காலையில் அதே விலைக்கு இறங்கினால்தான் தப்பு. முதல் நாள் பேரம் பேசுகிறவருக்கு விலையைக் குறைக்காமல், பொட்டுப் பழத்தைக் காட்டி “ஜூஸுக்குன்னா இதை எடுத்துக்கங்க, ருசி ஒண்ணுதான்” என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டு விலையையும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் பாதிப் பேரம் அங்கேயே நின்றுவிடும்.

பாப்பாவின் அப்பா கேட்டதை மறந்துவிட வேண்டாம். கூடையின் எடை எவ்வளவு இருந்தாலும் வாங்குகிறவர் தலையில் வைத்துவிடலாம் என்று நினைத்தால் வியாபாரம் பக்கத்து வண்டிக்குப் போய்விடும். தவிர்க்க முடியாத அழுகலுக்குத்தான் விலையில் இடம். நம் கவனக்குறைவால் வருகிற அழுகலை நாம்தான் குறைத்தாக வேண்டும். இதில் பெரிய பங்கு காய் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. முற்றின காயில் காம்பு இருக்கும் இடம் சற்றுக் குழிந்து, இரண்டு பக்கத் தோளும் அதைவிட உயர்ந்து உப்பி நிற்கும். தோள் எழும்பாமல் காம்பிலிருந்து சரிந்து இறங்கினால் அது பிஞ்சு. பழுக்கப் போட்டால் தோல் சுருங்கும், புளிக்கும், கெட்டும் போகும். சந்தேகமாக இருந்தால் பத்துக் காயை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நன்றாக முற்றியது மூழ்கும். மூன்று நான்கு மிதந்தால் அந்தக் கிரேட்டை விட்டுவிடலாம். அதேபோல் விரற்கடை அளவாவது காம்போடு பறித்த காயாக எடுக்கச் சொல்லுங்கள். காம்பு ஒட்ட ஒடித்தால் பால் பீய்ச்சித் தோலில் வழியும். அது வழிந்த இடம் வெந்தமாதிரி கறுத்து, பழுக்கும்போது அங்கேதான் அழுகல் பிடிக்கும். அந்த அம்மா இந்த இரண்டையும் பார்த்து எடுக்க ஆரம்பித்த பிறகு, அடுத்த சரக்கில் 7 கிலோ கூடை 4 கிலோ ஆனது. இன்னொன்று, அமுக்கிப் பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டார். “நீங்க எப்ப சாப்பிடப் போறீங்கன்னு சொல்லுங்க, நானே எடுத்துத் தரேன்” என்பார். இன்றைக்கு என்றால் ஒரு பழம், நாளன்றைக்கு என்றால் வேறு பழம். வாங்குகிறவருக்கு அது உபசாரமாகத் தெரிந்தது, கூடைக்கும் எடை குறைந்தது.

பக்கத்து வண்டிக்காரர் 70க்கு எப்படிக் கொடுக்கிறார் என்று அடுத்து கேட்பார்கள். சில இடங்களில் அது கல் வைத்த பழமாக இருக்கும். கால்சியம் கார்பைடு கல் வைத்தால் ஓரிரு நாளில் தோல் மஞ்சளாகிவிடும். எடை அவ்வளவாகப் போகாது, போட்ட பணமும் சீக்கிரம் திரும்பும். உள்ளே புளிப்பும் வெள்ளையும் அப்படியே இருக்கும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கலாம் என்பதால் நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது. அதற்காக உங்கள் அம்மா “அவங்க கல்லு வெச்சது” என்று சொல்ல வேண்டாம். நமக்கு உறுதியாகத் தெரியாது. சொல்லிவிட்டால் சண்டைதான் மிச்சம், விலையும் விளங்காது. அவர் வேறு தோட்டத்தில் மலிவாக எடுத்திருக்கலாம், எத்திலீன் வாயு அறையில் பழுத்ததை மண்டியிலிருந்தே வாங்கியிருக்கலாம். எத்திலீன் என்பது பழமே தனக்குள் உண்டாக்கிக்கொள்கிற வாயுதான். சட்டம் சொல்லும் அளவுக்குள், அதாவது காற்றில் 100 பிபிஎம், பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு வரை, அறையில் விட்டுப் பழுக்கவைப்பதில் தப்பு இல்லை. உங்கள் அம்மாவும் என்றாவது அப்படிப் பழுத்ததை வாங்கி விற்றால் அப்படியே சொல்லட்டும். அன்றைக்கு வைக்கோலில் பழுத்தது என்றோ, மரத்தில் பழுத்தது என்றோ சொல்லக் கூடாது.

அழுகின பழத்தை வண்டியில் கொட்டி வைத்துக் காட்ட வேண்டுமா என்று நீங்கள் யோசிக்கலாம். வேண்டாம். ஈ மொய்க்கும், அழுகலின் பூஞ்சை நல்ல பழத்துக்கும் ஏறும். அந்த அம்மா பிறகு மூடி போட்ட ஒரு வாளியை வண்டியிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டார். விலை அதிகம் என்று யாராவது சொன்னால் மட்டும் மூடியைத் திறந்து, “இது இன்னிக்குக் காலையிலிருந்து போனதுங்க” என்று ஒரு முறை காட்டுவார். வேறு பேச்சு கிடையாது. திறந்து காட்டுவதும் அந்த ஒரு வாக்கியமும் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகாது. அப்படியும் சிலர் வாங்காமல்தான் போவார்கள். ஒரு கிரேட் எடுத்து வீட்டில் பழுக்கவைக்க இடமும் நேரமும் உள்ள பெரிய குடும்பத்துக்கு மண்டிதான் லாபம். அவர்களிடம் “அப்படின்னா மண்டியிலயே எடுங்க, தோள் எழும்பின காயாப் பாத்து எடுங்க” என்று அந்த அம்மா வழிசொல்லியே அனுப்புவார்.

வெட்டிப் பார்த்துக் கெட்டிருந்தால் மாற்றித் தருவதாகச் சொல்லும் முன், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோவுக்கு அரைக் கிலோ என்று வைத்து ஆரம்பிக்கலாம். அதைவிட அதிகம் திரும்பி வந்தால் வாங்குகிறவரைச் சந்தேகப்படுவதற்கு முன், அந்த வாரம் காய் எடுத்த இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

அம்மா அடுத்த சரக்கு எடுக்கும்போது நீங்களும் கூடப் போய், காய் எடையை நோட்டில் முதல் வரியாக எழுதிவிடுங்கள். மூன்று சரக்கு முடிந்ததும் அந்த நான்கு எடைகளையும் செலவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். 90 சரியான விலையா, இல்லை 95 சொல்ல வேண்டுமா என்று சேர்ந்து பார்ப்போம். நீலம் வரும்போது பழைய எண்களை வைத்து விலை சொல்லாமல் முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுங்கள். நீலம் நன்றாக நாள் தாங்கும், வாளியும் லேசாக இருக்கும். ஆனால் கொட்டை வண்டு அதில் அதிகம், மாற்றித் தரும் வரியில் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டு வையுங்கள்.